இயல் 9: பள்ளிச் சந்திப்பை ஒருங்கிணைத்த குழு நிர்வாகிக்கு நன்றி கூறுதல்

பள்ளிப் படிப்பை முடித்து இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒரே வகுப்பில் பயின்றோர் மீண்டும் கூடும் முன்னாள் மாணவர் சந்திப்பு, இன்று பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலேயே முளைத்து வளர்கிறது. அக்குழுவில் உறுப்பினர்களைச் சேர்க்கவும் நீக்கவும் குழுவின் அமைப்புகளை மாற்றவும் உரிமை பெற்றவரைக் குழு நிர்வாகி என்றும், பேச்சுவழக்கில் ‘அட்மின்’ என்றும் அழைப்பர். இவ்வுரிமையைப் பெற்றிருப்பது மட்டுமே ஒருவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிடாது. குழுவைத் தொடங்கியவர் ஒருவராகவும், தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசியவர் வேறொருவராகவும் இருப்பது உண்டு. ஆகவே நன்றி கூற முனைவோர், திரையில் பெயருக்கு எதிரே யாருக்கு ‘அட்மின்’ எனக் காட்டுகிறது என்பதைப் பாராமல், எந்த வேலையை யார் செய்தார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வியலின் கருத்து ஒன்றே. நிர்வாகி செய்த பணியின் பெரும்பகுதி உறுப்பினர் கண்ணில் படாத இடத்தில் நிகழ்ந்தது. அப்பகுதியைக் கண்டறிந்து பெயர் சொல்லி எடுத்துரைப்பதும், சந்திப்பு முடிந்த பின்னும் அவர் தலையில் எஞ்சியிருக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்வதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முழுமையான நன்றி.

1. கண்ணுக்குத் தெரியாத பணி எது?

குழுவில் நினைவூட்டல் ஒன்று வந்தால் உறுப்பினர் காண்பது நான்கு வரிகளை மட்டுமே. அதை அனுப்பியவரோ வேறொன்றையும் காண்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை யார் யார் படித்தனர், யாருக்கு அது சென்று சேர்ந்தும் படிக்கப்படவில்லை என்ற விவரம், அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு மட்டுமே, செய்தியின் ‘தகவல்’ பகுதியில் கிடைக்கும். படித்தும் பதிலளிக்காதவர்கள் யார் என்பதை இவ்வாறு அறிந்துகொண்ட நிர்வாகி, அன்றிரவே அவர்களைத் தனித்தனியாக அழைத்து, வருகையை உறுதிசெய்திருப்பார். இந்த அழைப்புகளின் சுவடு குழுவில் எங்கும் இராது. அழைக்கப்பட்ட ஒவ்வொருவரும் தம்மிடம் மட்டுமே அவர் பேசியதாக எண்ணிக்கொண்டிருப்பதால், மொத்த உழைப்பின் அளவு எவருக்கும் தெரியாமலே போகிறது.

இரண்டாவது, ஆட்களைத் தேடிச் சேர்த்த பணி. கைப்பேசி பரவலாவதற்கு முன் பள்ளியை விட்டுச் சென்ற வகுப்பினரின் எண்கள் எவரிடமும் இருப்பதில்லை. குறிப்பாக, திருமணமாகி வேறு ஊர் சென்ற மாணவிகளைக் கண்டுபிடிக்கச் சொந்த ஊரில் உள்ள அண்ணன், தம்பி அல்லது பழைய தெருவினர் வழியாகவே விசாரிக்க வேண்டியிருக்கிறது. கிடைக்கும் எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருந்தால், அழைப்பவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, சந்திப்பின் தன்மையை வீட்டாருக்கு விளக்கி, குடும்பத்துடன் வருமாறு அழைத்தாக வேண்டும். இதனை வகுப்புத் தோழி ஒருவர் ஏற்றுச் செய்திருந்தால், அவருக்கு உரிய நன்றி நிர்வாகியின் பெயருக்குள் மறைந்துவிடலாகாது.

மூன்றாவது, திரும்பத் திரும்பச் சொன்ன பணி. குழுவில் தாமதமாகச் சேர்ந்தவருக்கு, அவர் சேர்வதற்கு முன் பகிரப்பட்ட செய்திகள் பொதுவாகத் தெரிவதில்லை. ஆகையால் தேதி, இடம், பங்குத்தொகை, தங்கும் வசதி ஆகியவற்றை ஒவ்வொரு புது வரவுக்கும் நிர்வாகி புதிதாக எழுதியிருப்பார். தம்மை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருந்தவர்களுக்கு அழைப்பு இணைப்பைத் தனியே அனுப்பி, அதை எப்படித் திறப்பது என்றும் விளக்கியிருப்பார். வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரை அவர்கள் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பின்னர்தான் அழைக்க முடியும் என்பதால், அந்த அழைப்புகள் இந்திய நேரப்படி இரவு பத்து மணிக்கு மேல் நிகழ்ந்திருக்கும்; அந்த நேரத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அவருடைய வீட்டாரும் ஆவர்.

2. விவரம் திரட்டுதல்

மேற்கண்டவற்றைப் பொதுவாகச் சொன்னால் அவை எந்த நிர்வாகிக்கும் பொருந்தும் புகழுரையாகிவிடும். ஆகையால், சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, மூன்று அல்லது நான்கு பேர் நிர்வாகி இல்லாத ஒரு சிறு குழுவில் சேர்ந்து விவரங்களைத் திரட்டிக்கொள்வது நல்லது. இச்சிறு குழுவை முழு வகுப்பின் அளவுக்கு விரிவாக்கக் கூடாது. பலர் சேர்ந்தால் செய்தி தவறுதலாகப் பெருங்குழுவில் விழுவதும், சேர்க்கப்படாதவர் வருந்துவதும் எளிதில் நேரும்.

வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதுமானது. “உங்களை முதன்முதலில் அழைத்தவர் யார், எப்போது?” என்பது முதற்கேள்வி, “வருவதில் உங்களுக்கு என்ன தடை இருந்தது, அதை அவர் எப்படித் தீர்த்தார்?” என்பது இரண்டாவது. இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளே நன்றியுரையின் உயிர்ப்பகுதியாக அமைகின்றன. பங்குத்தொகை கட்ட இயலாத நிலையில் இருந்தவரிடம் “நீ வந்தால் போதும்” என்று மட்டும் சொல்லி எவருக்கும் தெரியாமல் அந்த இடத்தை நிரப்பியது போன்ற செயல்கள் இவ்விசாரணையில் வெளிப்படும். அவற்றை அறிந்துகொள்ளலாமே தவிர, பொதுவில் சொல்லக் கூடாது. உதவி பெற்றவரின் மதிப்பைக் காப்பது நன்றியைக் காட்டிலும் முதன்மையானது. இவ்வகைச் செய்திகளைத் தனிப்பேச்சுக்கு ஒதுக்கிவைத்து, பயண ஏற்பாடு, தேடிக் கண்டுபிடித்தது, ஆசிரியர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று அழைத்தது போன்றவற்றை மட்டும் பொதுவில் கூறுதல் வேண்டும்.

3. நன்றிக்கு உரிய மூன்று இடங்கள்

முதலிடம் நிகழ்ச்சி மேடை. நிகழ்ச்சியின் இறுதியில் வரும் நன்றியுரையில், பந்தல் அமைத்தவர், ஒலிபெருக்கி தந்தவர், சமையற்கலைஞர் ஆகியோர் வரிசையில் நிர்வாகியின் பெயரையும் படித்துவிட்டுச் செல்வது பரவலான வழக்கம். இது இரு காரணங்களால் பயன் தருவதில்லை. மதிய உணவுக்குப் பின் வெளியூர்க்காரர் பலர் புறப்பட்டிருப்பர்; நிர்வாகியும் பெரும்பாலும் சமையற்கூடத்திலோ கணக்குத் தீர்ப்பதிலோ இருப்பார். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்து முடித்தவுடன், குழுப் புகைப்படத்துக்கும் உணவுக்கும் முன்பாக, ஐந்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குவதே சரியான இடம். ஆசிரியர்களுக்கு முன்னதாக நிர்வாகியைச் சிறப்பிப்பது முறையன்று. அவரே அதனை விரும்பமாட்டார். அந்த ஐந்து நிமிடங்களுக்கு அவர் கவனித்துவரும் வேலையை ஏற்றுக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே நியமித்தால்தான் அவர் மேடைக்கு வர முடியும்.

பேசுபவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. உயர் பதவியில் இருப்பவரோ நன்கு பேசத் தெரிந்தவரோ பேசுவதைக் காட்டிலும், நிர்வாகியின் அழைப்பால் மட்டுமே வந்து சேர்ந்த ஒருவர் இரண்டு நிமிடம் பேசுவது பொருத்தமானது. வகுப்பில் ‘வாடா, போடா’ என்று பழகியவர்களாயினும், ஆசிரியர்களும் குடும்பத்தினரும் அமர்ந்திருக்கும் அவையில் ‘அவர்’ என்றே குறிப்பிடுதல் வேண்டும். நிர்வாகியின் மனைவியோ கணவரோ அவையில் இருந்தால், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று; எனினும், அவரை முன்னறிவிப்பின்றி மேடைக்கு இழுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் இடம் குழுவே. சந்திப்புக்கு மறுநாள் குழுவில் புகைப்படங்களும் காணொலிகளும் நூற்றுக்கணக்கில் குவிவதால், அன்று இடப்படும் நன்றிச்செய்தி சில நிமிடங்களில் மேலே தள்ளப்பட்டு மறைந்துபோகும். ஒரே நேரத்தில் நாற்பது பேர் கைகூப்பும் படத்தை மட்டும் அனுப்புவதாலும் இதே விளைவு ஏற்படுகிறது. ஆகவே இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து, விவரங்களுடன் கூடிய ஒரே செய்தியை ஒருவர் இட்டு, அதனைக் குழுவின் மேற்பகுதியில் நிலைநிறுத்தச் செய்வது நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை இவ்வாறு 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்னும் மூன்று கால அளவுகளில் ஒன்றுக்கு நிலைநிறுத்தலாம். குழுவின் அமைப்பைப் பொறுத்து இது நிர்வாகிகளால் மட்டுமே இயலக்கூடும். அப்போது மற்றொரு நிர்வாகி இதனைச் செய்ய வேண்டுமேயன்றி, தமக்கான நன்றியைத் தாமே நிலைநிறுத்தும் சங்கடத்துக்கு நன்றிக்குரியவரை ஆளாக்கக் கூடாது.

மூன்றாம் இடம் தனிப்பட்ட அழைப்பு. ஐந்து மாதம் அனைவரையும் அழைத்த ஒருவருக்கு, சந்திப்பு முடிந்த மறுவாரம் முதல் எவரிடமிருந்தும் அழைப்பு வருவதில்லை என்பது பல குழுக்களில் காணும் நிலை. பத்து நாள் கழித்து, எதையும் கேட்பதற்காக அன்றி நலம் விசாரிப்பதற்காகவே அவரை அழைத்து, பொதுவில் சொல்ல முடியாத உதவிகளை நினைவுகூர்ந்து பேசுவது, மேடையில் கிடைத்த மாலையைக் காட்டிலும் அவர் மனத்தில் நெடுநாள் நிற்கும்.

4. ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஒரு வகுப்பை அமைத்துக்கொள்வோம். ஒரு சிற்றூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1998இல் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய 62 பேரில், 55 பேரை நிர்வாகி கண்டுபிடிக்கிறார். பொங்கல் விடுமுறையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் 46 பேர் பள்ளி வளாகத்தில் கூடுகின்றனர். ஆகஸ்டில் தொடங்கிய வேலை சனவரியில் முடிகிறது. மாணவிகளைத் தேடும் பணியைத் தோழி ஒருவர் ஏற்கிறார். மூன்றாம் நாள் குழுவில் முதலில் வரும் செய்தி இவ்வாறு அமைவதாகக் கொள்வோம்:

“இவ்வளவு சிறப்பாக விழாவை நடத்திய நம் அட்மினுக்குக் கோடானுகோடி நன்றிகள். உங்கள் பணி மகத்தானது. அடுத்த ஆண்டும் நீங்களே இதைவிடச் சிறப்பாக நடத்த வேண்டும்.”

இச்செய்தியில் அன்பு இருக்கிறது. ஆனால் அவர் என்ன செய்தார் என்பது ஒரு சொல்லிலும் இல்லை. இறுதி வரி, இளைப்பாற வேண்டிய நேரத்தில் அடுத்த சுமையை ஏற்றிவைக்கிறது. தோழியின் பணியும் விடுபட்டுப்போகிறது. திரட்டிய விவரங்களைக் கொண்டு அதனைப் பின்வருமாறு திருத்தி எழுதலாம்:

“ஆகஸ்ட் மாதம் இந்தக் குழுவில் நாம் ஒன்பது பேர்தான் இருந்தோம். மற்றவர்களை ஊர் ஊராக விசாரித்துச் சேர்த்தது நம் அட்மின். தோழிகளின் வீடுகளுக்குப் பேசி, குடும்பத்தோடு வரச் சொன்னது நம் தோழி. கணக்கு ஆசிரியர் ஐயாவால் படியேற முடியாது என்று தெரிந்து, மேடையைத் தரைத்தளத்துக்கு மாற்றியதும் இவர்கள்தான். துபாயிலிருந்து வர விடுமுறை கிடைக்காது என்று நான் சொன்னபோது, தேதி முடிவாகும் முன்பே எனக்குத் தெரிவித்து விண்ணப்பிக்கச் சொன்னதால்தான் என்னால் வர முடிந்தது. இருவருக்கும், இரவுநேர அழைப்புகளைப் பொறுத்துக்கொண்ட இருவர் வீட்டாருக்கும் நம் எல்லோர் சார்பிலும் நன்றி. புகைப்படங்களைத் தொகுக்கும் வேலையை நானும், கணக்கைச் சரிபார்க்கும் வேலையை வேறு இருவரும் எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் இருவரும் சிறிது ஓய்வெடுங்கள்.”

இரண்டாம் செய்தியில் புகழ்ச்சொல் ஒன்றுகூட இல்லை; எனினும் படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உழைப்பின் அளவு விளங்குகிறது. இதன் கீழ் மற்றவர்கள் தத்தம் அனுபவத்தில் ஒரு வரி சேர்த்தால், எவராலும் தனியே எழுத முடியாத முழு விவரம் குழுவிலேயே உருவாகிவிடும். “நான் என்ன பெரிதாகச் செய்தேன், எல்லோரும் சேர்ந்து செய்ததுதானே” என்று நிர்வாகி பதிலளிப்பது இயல்பு. அதனை மறுத்து வாதிடாமல் ஏற்றுக்கொண்டு அமைவதே நயம்.

5. கணக்கும் பரிசும்

பொதுப்பணத்தைக் கையாண்டவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்றி, அவர்மேல் ஐயம் எழ இடமில்லாதபடி கணக்கை முடித்துக் கொடுப்பதாகும். மேற்சொன்ன வகுப்பில் 46 பேர் தலைக்கு ரூ.1,500 வீதம் கட்டியதால் ரூ.69,000 சேர்ந்தது, குறித்துவைத்த செலவு ரூ.58,750, மீதம் ரூ.10,250 எனக் கொள்வோம். இரு தோழர்கள் கணக்கைச் சரிபார்க்கும்போது, நிர்வாகியிடம் தனியே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “உங்கள் கையிலிருந்து போனது எவ்வளவு?” ஆசிரியர்களை அழைக்கச் சென்ற வண்டிக் கட்டணம், தாம்பூலத் தட்டுக்கு வாங்கிய பழங்கள், சமையற்காரருக்குக் கொடுத்த முன்பணம் போன்றவற்றை நிர்வாகிகள் பெரும்பாலும் கணக்கில் எழுதுவதில்லை. “அதெல்லாம் இருக்கட்டும்” என்று அவர் தட்டிக்கழித்தால், ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக் கேட்க வேண்டும். அது ரூ.4,200 என்று தெரியவந்தால் அதனை அவருக்குத் திருப்பிக் கொடுத்து, எஞ்சிய ரூ.6,050ஐ என்ன செய்வது என்பதைக் குழுவின் வாக்கெடுப்புக்கு விட்டு, முடிவைச் சரிபார்த்த இருவருமே குழுவில் வெளியிடுதல் வேண்டும். இந்தக் கணக்கு அறிக்கையையும் நன்றிச்செய்தியையும் ஒரே பதிவில் கலக்கக் கூடாது. நன்றியோடு சேர்த்துக் கணக்குக் கேட்பது, குற்றம் காண்பதாகவே ஒலிக்கும்.

பரிசுக்கான பணத்தை மீதத் தொகையிலிருந்து எடுப்பதும் தவறு. அவர் திரட்டிய பணத்தைக்கொண்டே அவருக்குப் பரிசளித்தால், ஒப்புக்கொள்ளாத சிலரின் முணுமுணுப்பு அவரையே சென்று சேரும். விரும்புவோரிடம் மட்டும் சிறு தொகையைத் தனியே பெற்று, கொடுத்தோர் பெயரையும் தொகையையும் பட்டியலிடாமல் விட வேண்டும். பெயர் பொறித்த கேடயம் வழக்கமான பரிசாயினும், நிகழ்ச்சி முழுவதும் மற்றவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த நிர்வாகி பெரும்பாலான படங்களில் இடம்பெற்றிருப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவரை ஆசிரியர்களுடனும் தம் குடும்பத்துடனும் நிற்கவைத்து எடுத்த படங்களும், உணவு வேளையில் தாளொன்றைச் சுற்றுக்கு விட்டு ஒவ்வொருவரும் கைப்பட எழுதிய ஓரிரு வரிகளும் சேர்ந்த ஒரு படத்தொகுப்பு, கேடயத்தைவிடக் குறைந்த செலவில் அமையும். அவர் வீட்டாரும் விரும்பிப் பார்க்கும் பொருளாகவும் இருக்கும்.

6. சுமையை இறக்குதல்

சந்திப்புக்குப் பின்னும் நிர்வாகியின் வேலை ஓய்வதில்லை. படங்களைக் கேட்போர், விடுபட்ட எண்களைக் கேட்போர், வராமல்போனதற்கு விளக்கம் சொல்வோர், அரசியல் செய்திகளைப் பகிர்ந்து சச்சரவு தொடங்குவோர் என அனைவரும் அவரிடமே வருகின்றனர். ஆகவே “ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கூறுவதைவிட, குறிப்பிட்ட ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வதே பயனுள்ளது. முகவரிப் பட்டியலை ஒருவர் பராமரிக்கலாம். பள்ளியுடனான தொடர்பை மற்றொருவர் ஏற்கலாம். குழு ஒழுங்கைக் கவனிக்க வேறு இருவரை நிர்வாகிகளாக்கலாம். ஒரே நிர்வாகி உள்ள குழுவில் அவர் களைத்து விலகிவிட்டால், வாட்ஸ்அப் எஞ்சிய உறுப்பினருள் எவரேனும் ஒருவரைத் தானாகவே நிர்வாகியாக்கிவிடும். அவர் அப்பொறுப்புக்கு உகந்தவராக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. எனவே, பொறுப்பைப் பகிரும் ஏற்பாட்டை அவர் விலகும் முன்னரே, அவருடைய இசைவுடன் செய்துவிட வேண்டும்.

சந்திப்பில் குறைகள் இருந்திருக்கலாம்; உணவு தாமதமாகியிருக்கலாம், ஒருவர் பெயர் பதாகையில் விடுபட்டிருக்கலாம். அவற்றை நன்றி கூறும் வாரத்தில் எழுப்பாமல், அடுத்த சந்திப்பைப் பற்றிய பேச்சு தொடங்கும்போது, அதற்கான பொறுப்பை ஏற்கும் முனைப்புடன் கூறுதல் வேண்டும். குறையைச் சுட்டுபவரே அடுத்த முறை அந்த வேலையைக் கேட்டுப் பெறுவாராயின், குறை கூறுவதும் உதவியாகிவிடும்.

இந்நூலைப் படிப்போர் தம் வகுப்புக் குழுவைத் திறந்து, தமக்கு முதல் அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்திப் பார்ப்பார்களாக. அவருக்கு இதுவரை விவரமாக நன்றி சொல்லப்படவில்லையெனில், சந்திப்பு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. இன்றே அவரை அழைத்து அவர் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லி, மற்றொரு வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வது வகுப்புத் தோழர் ஒவ்வொருவரின் கடமை.